ஜாமீன் கையெழுத்தும் கடன்தான்

விருத்தாசலம் செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கிற எங்க ஊர்ப் பொண்ணு, நிச்சயத்துக்குப் பத்து நாள் முன்னாடி மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் எழுதினது இது:

“என் சம்பளம் 11,000. சீட்டுல 30,000 சேர்ந்திருக்கு. குழுக்கடன் வட்டியோட 18,000 பாக்கி, மாசம் 1,500 கட்டுறேன், ஒரு வருஷத்துல முடியும். அம்மாவுக்கு மாசம் 3,000 கொடுக்கிறேன், கல்யாணத்துக்கு அப்புறமும் கொடுப்பேன். உங்க பக்கம் எப்படிங்க? யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கீங்களா?”

“இப்பவே கணக்கு கேக்குதா?”ன்னு பெருசுங்க முணுமுணுத்தாங்க. அம்மாவுக்குக் கொடுக்கிறதுல என்ன தப்பு? பெத்தவங்களைப் பராமரிக்கிற பொறுப்பை 2007 சட்டம் மகளுக்கும் சேர்த்துத்தான் வச்சிருக்கு.

என்னைக் கேட்டா கடைசிக் கேள்விதான் முக்கியம். கடன் இருந்தா சொல்லிடுவாங்க. ஜாமீனை யாரும் கடன்னே நினைக்கிறதில்லை. ஆனா வாங்கினவன் கட்டலைன்னா, பொதுவா 1872 ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன் போட்டவர்கிட்ட முழுத் தொகையையும் கேட்கலாம்.

சிநேகிதனோட டிராக்டர் கடனுக்கு மாப்பிள்ளை போட்ட கையெழுத்து அப்பத்தான் வெளியே வந்தது. மூணு தவணை நின்னுபோயிருந்தது. நிச்சயத்தை ஒரு மாசம் தள்ளி வச்சாங்க. சிநேகிதன் பாக்கியைக் கட்டின ரசீது வந்த பிறகுதான் தட்டு மாத்தினாங்க.

சவரன் கணக்கு மட்டும் பேசிட்டு எழுந்திருந்தா, இது கல்யாணத்துக்கு அப்புறம் பேங்க் நோட்டீஸாத்தான் வந்திருக்கும்.