வட்டியில்லாக் கடனில் ஏன் வட்டி எழுதியிருக்கு?

திருக்கழுக்குன்றம் பக்கம் நெல் விவசாயம் செய்கிற என் சித்தப்பா, போன மாதம் ஒரு தாளோடு வந்தார். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனுக்கான கணக்கு அது.

"வட்டியே இல்லைன்னுதானேம்மா கொடுத்தாங்க? இதுல 3,052 ரூபாய் வட்டின்னு போட்டிருக்கே!"

தாளில் தப்பில்லை. பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி உண்டு. தவணைத் தேதிக்குள் கட்டினால் நமக்காக மத்திய அரசு 3 சதவீதமும் தமிழக அரசு 4 சதவீதமும் ஏற்கின்றன. ஒழுங்காகக் கட்டுபவர்களுக்கு வட்டி இல்லை என்பது 2009-10 முதல் இருக்கிறது. கடன் 3 லட்சம் ரூபாய் வரை இருந்தால்தான் இந்தச் சலுகை.

சித்தப்பா நவரைப் பட்டத்துக்கு வாங்கியது 60,000. அதில் 45,000 ரொக்கம், ஜனவரி 10-ல் கையில் வந்தது. மீதி 15,000-க்கு உரம், பிப்ரவரி 10-ல் எடுத்தார். வட்டி ஓடுவது அந்தந்தத் தேதியிலிருந்துதான். அக்டோபர் 10 தவணை என்றால் ரொக்கத்துக்கு 273 நாள், வட்டி 2,356 ரூபாய். உரத்துக்கு 242 நாள், 696 ரூபாய். கூட்டினால் 3,052. அதில் 1,308 ரூபாய் மத்திய அரசின் பங்கு, 1,744 மாநில அரசின் பங்கு. உரம் எடுத்த தேதியையும் ஜனவரி என்று எழுதியிருந்தால் வட்டி கூடியிருக்கும். அதனால் அந்த வரியை உர ரசீதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

தேசிய வங்கியில் வாங்கியிருந்தால் கதை வேறு. அங்கே மாநில அரசின் 4 சதவீதம் கிடையாது. ஒழுங்காகக் கட்டினாலும் 4 சதவீத வட்டி நம் தலையில்தான்.

எனக்கு நிஜமாகவே பயம் வந்தது வேறு இடத்தில். "எப்ப கட்டப் போறீங்க சித்தப்பா?" என்றேன். "ஒரு வருஷம் இருக்கே, ஜனவரி பொங்கலுக்குள்ள கட்டிடலாம்" என்றார்.

தவணை பயிருக்கேற்பத்தான் வைப்பார்கள், எல்லாருக்கும் ஒரு வருஷம் இல்லை. அவருடைய தாளில் மூலையில் சின்ன எழுத்தில் அக்டோபர் 10 என்று இருந்தது. அது தாண்டினால் 3,052 முழுக்க அவர் பொறுப்பு. அதற்கு மேல் தாமதமான நாட்களுக்குக் கூடுதல் வட்டியும் சேரும். நெல் விற்ற பணம் வங்கியில் சும்மா கிடந்ததுதான் இதில் வேடிக்கை!

பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புவார்கள் சிலர். கொடுத்த நாள் கணக்கில் வராது, சங்க ரசீதில் உள்ள தேதிதான் கணக்கு. கடைசி நாள் விடுமுறையாக இருந்தால் முந்தைய வேலை நாளே கட்டிவிடுவது பாதுகாப்பு.

சித்தப்பா மறுநாளே போய்க் கட்டினார். ரசீதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அசல் 60,000, வட்டி என்ற இடத்தில் பூஜ்யம். முத்திரையில் தேதி தெளிவாக இல்லை. "திரும்பப் போய்ப் பேனாவால எழுதி வாங்கிட்டு வாங்க" என்றேன். திட்டிக்கொண்டே போனார்.