"போர் அடிக்கவே இல்ல"

பள்ளி முகாம் முடிந்ததும் மாணவர்களிடம் கருத்துப் படிவம் தரப்படும். அதில் பலர் தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்தே எழுதுவார்கள். அக்கருத்துகளைப் பாராட்டு, குறை எனக் கணினியைக் கொண்டு பிரிப்பதை 'உணர்வுப் பகுப்பாய்வு' என்பர். கருத்துகள் சில நூறே என்றால், அவற்றை நாமே படிப்பதுதான் சரி என்பது என் கருத்து.

எளிய பகுப்பாய்வு முறை சொற்பட்டியலை நம்பி இயங்குகிறது. 'சூப்பர்' என்றால் ஒரு புள்ளி கூடும். 'போர்' என்றால் ஒரு புள்ளி குறையும். மூன்று கருத்துகளை அதனிடம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

"போர் அடிக்கவே இல்ல" என்று ஒருவர் எழுதுகிறார். இது பாராட்டு. ஆனால், ஆங்கிலத்திற்காக எழுதப்பட்ட விதிகள் மறுப்புச் சொல்லை முன்னால் தேடும். தமிழிலோ மறுப்பு பின்னால் வருகிறது. ஆகவே, கணினி இதைக் குறை என்கிறது.

"கேம்ஸ் சூப்பர், ஆனா டைம் பத்தல" என்கிறார் இன்னொருவர். 'பத்தல' பட்டியலில் இல்லை. அதனால் இது முழுப் பாராட்டாகிவிடுகிறது. நேரம் போதவில்லை என்னும் பயனுள்ள செய்தி மறைந்துபோகிறது.

"சூப்பர் பிளானிங்! மூணு மணிக்கு லஞ்ச்" என்கிறார் மூன்றாமவர். இது கிண்டல் என்பது பசியோடு காத்திருந்தவர்களுக்குப் புரியும். கணினி ஒரு புள்ளியைக் கூட்டிவிடும்.

சொற்பட்டியலுக்குப் பதிலாக, மனிதர்கள் வகைப்படுத்திய எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் கணினி முறைகளும் உண்டு. 2020இல் ஆய்வாளர்கள் தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 யூடியூப் கருத்துகளை இதற்காகத் தொகுத்தனர். அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாராட்டு. அப்படியானால், எதையும் படிக்காமல் எல்லாவற்றையும் 'பாராட்டு' என்று சொல்லும் கணினிகூட நூற்றுக்கு 67 சரியாகச் சொல்லிவிடும்! எனவே, மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து மயங்கக்கூடாது. உண்மையான குறைகளில் எத்தனையைக் கணினி கண்டுபிடித்தது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

பல்லாயிரம் கருத்துகள் குவிந்தால் கணினியின் துணை தேவைதான். 'லஞ்ச்' பற்றியவை, 'டைம்' பற்றியவை என அது விரைவாகத் திரட்டித் தரும். ஆனால், நூறு சிறு கருத்துகளைப் படிக்க ஒரு மணி நேரம் போதும். இருவர் தனித்தனியே படித்து வகைப்படுத்தட்டும். பிறகு, இருவரும் வேறுபடும் இடங்களை மட்டும் சேர்ந்து பேசட்டும். கிண்டலும் பாதிப் பாராட்டும் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் இருக்கும்.

'80 விழுக்காட்டினர் மகிழ்ச்சி' என்ற அறிக்கையைக் கொண்டு அடுத்த முகாமில் எதையும் மாற்ற முடியாது. 'மதிய உணவு மூன்று மணிக்கு வந்தது' என்ற ஒரு வரி போதும், அதை மாற்றிவிடலாம். அந்த வரியை எழுதியவர், யாராவது படிப்பார்கள் என்று நம்பித்தானே எழுதினார்?