98 சதவீதம் சரியான டெஸ்ட், ஆனால் பாசிட்டிவ் வந்த மூன்றில் இரண்டு பேருக்குத் தொற்றே இல்லை: எப்படி?

21 பேருக்கு கொரோனா பாசிட்டிவ் என்று ரிசல்ட் வருகிறது. யாருக்கும் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அதே நேரத்தில் எடுத்த இன்னொரு மாதிரியை பிசிஆர் கருவியில் போட்டுப் பார்க்கிறார்கள். 21 பேரில் 7 பேருக்குத்தான் தொற்று. மீதி 14 பேருக்கு இல்லை. இத்தனைக்கும் அந்த ஆய்வின் அட்டவணையில் இதே டெஸ்ட்டுக்கு 98.4 சதவீதம் என்று ஓர் எண் இருக்கிறது. பொய்யில்லை, கணக்கும் சரிதான்.

இது கற்பனை உதாரணம் இல்லை. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இரண்டு பல்கலைக்கழக வளாகங்களில் சோஃபியா என்ற ரேப்பிட் ஆன்டிஜன் டெஸ்ட்டை பிசிஆருடன் ஒப்பிட்டார்கள். மொத்தம் 1,098 ஜோடி மாதிரிகள். முடிவுகள் 2021 ஜனவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் வார இதழில் வந்தன. அந்த ஆய்வாளர்கள் செய்த நல்ல காரியம், ஒவ்வொரு சதவீதத்துக்குப் பக்கத்திலும் அது எத்தனை பேரில் எத்தனை பேர் என்று அச்சிட்டதுதான். அதனால்தான் நாம் உட்கார்ந்து சரிபார்க்க முடிகிறது.

அறிகுறி இல்லாத 871 பேரை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம்.

| | பிசிஆர் பாசிட்டிவ் | பிசிஆர் நெகட்டிவ் |
|---|---|---|
| ஆன்டிஜன் பாசிட்டிவ் | 7 | 14 |
| ஆன்டிஜன் நெகட்டிவ் | 10 | 840 |

முதல் வேலை, நான்கையும் கூட்டுவது. 7, 14, 10, 840 சேர்ந்தால் 871. சரி. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் கூட்டுத்தொகை உதைத்தால், ரிசல்ட் தெளிவாக வராத சிலரை நடுவில் சத்தமில்லாமல் கழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் படிக்கும்முன் அவர்கள் எங்கே போனார்கள் என்று தேட வேண்டும்.

அடுத்து, அட்டவணையை மேலிருந்து கீழாகப் படியுங்கள். தொற்று உள்ளவர்கள் 7+10, அதாவது 17 பேர். அதில் டெஸ்ட் பிடித்தது 7. இதுதான் சென்சிட்டிவிட்டி: 41.2 சதவீதம். தொற்று இல்லாதவர்கள் 854 பேர். அதில் 840 பேரை டெஸ்ட் சரியாக ‘இல்லை’ என்றது. இதுதான் ஸ்பெசிஃபிசிட்டி: 98.4 சதவீதம்.

இப்போது இடமிருந்து வலமாகப் படியுங்கள். பாசிட்டிவ் வந்தவர்கள் 21 பேர், உண்மையில் தொற்று இருந்தது 7 பேருக்கு. இது பாசிட்டிவ் ரிசல்ட்டின் கணிப்பு மதிப்பு: 33.3 சதவீதம். நெகட்டிவ் வந்த 850 பேரில் 840 பேருக்குத் தொற்று இல்லை: 98.8 சதவீதம்.

மேலே இருக்கும் அதே 7-ஐ ஒரு இடத்தில் 17-ஆல் வகுக்கிறோம், இன்னொரு இடத்தில் 21-ஆல். குழப்பம் எல்லாமே இந்த வகுக்கும் எண்ணில்தான் வருகிறது. ‘தொற்று இருந்தால் டெஸ்ட் கண்டுபிடிக்குமா?’ என்பது டெஸ்ட் செய்யும் கம்பெனியின் கேள்வி. ‘எனக்கு பாசிட்டிவ் வந்திருக்கு, நிஜமாவே இருக்கா?’ என்பது ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருப்பவரின் கேள்வி. முதல் கேள்விக்கான எண்ணை இரண்டாவது கேள்விக்குப் பதிலாகப் போடும் செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் துறையும் இதில் தப்பவில்லை.

‘மொத்தத் துல்லியம்’ என்ற எண்ணை இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். இங்கே டெஸ்ட் சரியாகச் சொன்னது 847 பேருக்கு, அதாவது 97.2 சதவீதம். கிட்டையே திறக்காமல் 871 பேருக்கும் ‘நெகட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால்? 854 சரி. 98 சதவீதம்!

இனி அறிகுறி இருந்த 227 பேருக்கு வருவோம். தொற்று உள்ள 40 பேரில் 32 பேரை டெஸ்ட் பிடித்தது. தொற்று இல்லாத 187 பேரில் 185 பேரைச் சரியாக விட்டது. பாசிட்டிவ் வந்த 34 பேரில் 32 பேருக்கு உண்மையிலேயே தொற்று, 94.1 சதவீதம். அதே டெஸ்ட்டில் இங்கே 94, அங்கே 33.

இவ்வளவு வித்தியாசத்துக்கு டெஸ்ட்டின் தரம் மட்டும் காரணமில்லை. ஒரு சின்ன கணக்கு போடலாம். அறிகுறி உள்ளவர்களிடம் காட்டிய அதே திறமையை, 80 சதவீத சென்சிட்டிவிட்டியையும் 98.9 சதவீத ஸ்பெசிஃபிசிட்டியையும், அந்த 871 பேர் மீது ஏற்றிப் பாருங்கள். தொற்றுள்ள 17 பேரில் சுமார் 14 பேர் பிடிபடுவார்கள். தொற்றில்லாத 854 பேரில் சுமார் 9 பேருக்குத் தவறாக பாசிட்டிவ் வரும். ஆக பாசிட்டிவ் 23, அதில் உண்மை 14: சுமார் 60 சதவீதம். டெஸ்ட்டில் எதுவுமே மாறாமல், தொற்று அரிதாக இருப்பதால் மட்டுமே 94 என்பது 60 ஆகிவிட்டது. அங்கிருந்து 33-க்கு இறங்கியதுதான், அறிகுறி இல்லாதவர்களிடம் டெஸ்ட் மோசமாக வேலை செய்ததன் பங்கு.

அதனால்தான் இரண்டு குழுக்களையும் ஒன்றாகக் கூட்டும் அட்டவணை ஆபத்தானது. கூட்டினால் 55 பாசிட்டிவில் 39 உண்மை, 71 சதவீதம் வரும். காய்ச்சலோடு வந்தவருக்கும் அது பொருந்தாது, சும்மா பரிசோதனைக்கு வந்தவருக்கும் பொருந்தாது. ஒரு கம்பெனி இந்த ஒற்றை எண்ணை மட்டும் கொடுத்தால், பிரித்துக் கேட்பது நியாயமே.

சரிபார்ப்பவருக்கு உதவும் இன்னொரு சூட்சுமம் உண்டு. 17 பேர் உள்ள குழுவில் எல்லா சதவீதமும் சாத்தியமில்லை. 7 பேர் என்றால் 41.2, 8 பேர் என்றால் 47.1. நடுவில் எதுவும் கிடையாது. ஒரு அட்டவணை ‘17 நோயாளிகள், சென்சிட்டிவிட்டி 45 சதவீதம்’ என்றால், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. 45 சதவீதம் 20 பேரில் 9 பேராக வரலாம், அப்படியானால் வகுத்தது வேறு குழுவின் எண்ணிக்கையால். தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். எதுவானாலும் எழுதியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த 41.2-இல் இருக்கும் தசமப் புள்ளியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 17 பேர் மிகச் சின்ன எண்ணிக்கை. 95 சதவீத நம்பக எல்லை போட்டால் உண்மை மதிப்பு சுமார் 18-இலிருந்து 67 வரை எங்கேயும் இருக்கலாம். ஸ்பெசிஃபிசிட்டிக்கு 854 பேர் இருப்பதால் அந்த எண் எவ்வளவோ உறுதியானது. ஒரே அட்டவணையில், ஒரே எழுத்துருவில் இருந்தாலும் இரண்டு எண்களுக்கும் ஒரே கனம் இல்லை. தவிர, இங்கே ‘உண்மை’ என்று வைத்துக்கொண்டது பிசிஆர் சொன்னதை. நோய் ஆறிய பிறகும் வைரஸின் மிச்சத்தை பிசிஆர் சில சமயம் பிடிக்கும். டெஸ்ட் ‘தவறவிட்டதாக’ எண்ணப்பட்ட 10 பேரில் அப்படிச் சிலர் இருந்திருக்கலாம், இந்த நான்கு கட்டங்களை வைத்து அதைச் சொல்ல முடியாது.

ஆய்வாளர்கள் கொடுத்த பரிந்துரை இந்த எண்களோடு நேராகப் பொருந்துகிறது. அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தவர்களுக்கும், அறிகுறி இல்லாமல் பாசிட்டிவ் வந்தவர்களுக்கும், பிசிஆர் போன்ற டெஸ்ட்டால் உறுதிசெய்வதைப் பரிசீலிக்க வேண்டும் என்றார்கள். முதல் குழுவில் 193 பேருக்கு நெகட்டிவ் வந்தது, அதில் 8 பேருக்குத் தொற்று இருந்தது. இரண்டாவது குழுவில்தான் நாம் தொடக்கத்தில் பார்த்த 21 பேர் இருக்கிறார்கள்.