"என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீர்?"

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கிறது வல்லம் வடகால். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த பக்கம். இன்று சிப்காட் தொழிற்பேட்டை! 2017-ம் ஆண்டு முதல் இங்கே மோட்டார் சைக்கிள் தயாராகிறது. 2024 ஆகஸ்டில், பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கும் விடுதி ஒன்றும் திறக்கப்பட்டது.

இங்கே வேலை தேடி வருகிறவர் எல்லோரும் தொழிற்சாலை கண்டவர்கள் அல்ல. ஜவுளிக் கடையில் இருந்தவர், பள்ளியில் பாடம் சொன்னவர், தறியில் உட்கார்ந்தவர் எல்லோரும் வருகிறார்கள். வேலை புதிது. ஆனால் பேட்டியில் கேட்கும் கேள்வி பழையது.

"என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீர்?"

இதற்குப் பலர் சொல்லும் பதில், "நீங்கள் பார்த்துக் கொடுங்கள், சார்" என்பது. இதை அடக்கம் என்று நினைக்கிறார்கள். அது அடக்கம் அல்ல. கணக்குப் போடாமல் வந்ததன் அடையாளம்!

கையில் வருவது எவ்வளவு?

காஞ்சிபுரம் பட்டுக் கடை ஒன்றில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 15,000 ரூபாய் கையில் வாங்குகிறார். மதியச் சாப்பாடு கடையில். வைப்பு நிதி கிடையாது. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் குமாஸ்தா வேலைக்குப் போகிறார்.

"மாதம் 17,960 ரூபாய் சி.டி.சி." என்கிறார் மேனேஜர். மூவாயிரம் ரூபாய் அதிகம் என்று வாலிபருக்கு மகிழ்ச்சி.

சி.டி.சி. என்பது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அது சம்பளம் அல்ல. இங்கே மொத்தச் சம்பளம் 16,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 12,000. வைப்பு நிதிக்கு அடிப்படையில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் கம்பெனி 1,440 ரூபாய் கட்டும். இ.எஸ்.ஐ. மருத்துவத்துக்கு 520 ரூபாய் கட்டும். இவற்றைக் கூட்டினால் 17,960.

இனி வாலிபரின் பங்கு. அவர் சம்பளத்திலிருந்தும் வைப்பு நிதிக்கு 1,440 ரூபாய் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ.க்கு 120 ரூபாய். கையில் வருவது 14,440. கடையில் வாங்கியதைவிட 560 ரூபாய் குறைவு!

இது நஷ்டம் என்று சொல்ல முடியாது. வைப்பு நிதியும் பென்ஷனுமாக மாதம் 2,880 ரூபாய் அவர் பெயரில் சேருகிறது. குடும்பத்துக்கு வைத்தியம் கிடைக்கிறது. ஆனால் வீட்டு வாடகையை வைப்பு நிதியில் கொடுக்க முடியாதே! ஆகையால், "இதற்குக் கீழே முடியாது" என்ற எல்லையை, கையில் வரும் பணத்தில்தான் போட்டு வைத்திருக்க வேண்டும். அறை வாடகை, இரவுச் சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம் இவற்றைக் கூட்டிப் பார்த்தால் அந்த எல்லை தெரிந்துவிடும்.

பழைய சம்பளம்

பேட்டியில் முதலில் திருப்பிக் கேட்கலாம்: "இந்த வேலைக்கு நீங்கள் வைத்திருக்கும் வரம்பு என்னங்க சார்?" இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. சில மேனேஜர்கள் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால், "பிடித்தம் போகக் கையில் பதினைந்திலிருந்து பதினேழு ஆயிரம்" என்று சொல்லலாம். "பிடித்தம் போக" என்ற இரண்டு சொல் முக்கியம்.

பழைய சம்பளத்தைக் கேட்டால் உள்ளதைச் சொல்வதே நல்லது. பாங்கிக் கணக்கைப் பார்த்தால் பொய் வெளியாகிவிடும். அதோடு, "அது கடை வேலை, சாப்பாடும் சேர்ந்தது" என்றும் சொல்லிவிட வேண்டும்.

பழைய அனுபவம் முழுவதற்கும் புது இடத்தில் விலை கிடையாது. புடவையை விரித்துக் காட்டும் சாமர்த்தியத்துக்கு ஸ்டோரில் வேலை இல்லை. ஆனால் சரக்கு இருப்பை எண்ணி, பதிவேட்டோடு ஒத்துப் பார்த்த ஐந்து வருஷம் இருக்கிறதே, அதற்கு நிச்சயம் விலை உண்டு. அதைச் சொல்லி ஆயிரம் ரூபாய் கூடக் கேட்கலாம்.

மெஷினில் நிற்கும் ஆபரேட்டர் வேலை என்றால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே சம்பளம். பேரம் பேசிப் பயன் இல்லை. அங்கே கேட்க வேண்டியது வேறு: வேலை கம்பெனியிலா, காண்டிராக்டரிடமா? சட்டப்படி அப்ரண்டிஸ் என்று எடுக்கிறார்களா? அப்படி எடுத்தால் வருவது உதவித்தொகை. வைப்பு நிதி இராது. பயிற்சி எத்தனை மாதம், பிறகு என்ன சம்பளம்? ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி உண்டா?

உண்மையில், விளம்பரத்திலேயே கையில் வரும் தொகையைக் கம்பெனிகள் போட்டுவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். கடைத்தெருவில் கத்தரிக்காய்க்குக்கூட விலைப் பலகை இருக்கிறது!

அதுவரை, வேலை உத்தரவு கையில் வந்ததும் சம்பள விவரம் உள்ள தாளைப் பார்க்க வேண்டும். போனஸையும் பணிக்கொடையையும் மாதச் சம்பளத்தோடு கூட்டிக் காட்டியிருந்தால், அவற்றைக் கழித்துவிட்டுத் தான் போட்ட எல்லையோடு ஒப்பிட வேண்டும். குறைந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.