பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல்

இந்தக் கிழமை எனக்கு வந்த எரிச்சல் கள்ளன்மேல் இல்லை. "படிச்ச பிள்ளை, கனடாவில இருக்கிற பிள்ளை, இதுக்குப் போய் எப்பிடி ஏமாந்தது?" என்று முள்ளியவளையில் மரக்கறிப் பையோடு நின்று தீர்ப்புச் சொன்ன ஆட்கள்மேல்தான்.

பிள்ளை என்பது அக்காவின் மகள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறாள். விமானம் நடுச்சாமத்தில் கட்டுநாயக்கவில் இறங்கும் என்பதால் ஒரு இரவுக்கு நீர்கொழும்பில் அறை பதிவு செய்திருந்தாள். ஹோட்டல் உண்மை, பதிவும் உண்மை, காசை அங்கே போய்க் கட்டலாம் என்ற ஏற்பாடு. சில நாள் கழித்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. அழைப்பவரின் படத்தில் அந்த ஹோட்டலின் சின்னம். ரிசப்ஷனில் இருந்து கதைக்கிறோம் என்றது மரியாதையான ஒரு குரல். அவளுடைய முழுப்பெயர், வரும் திகதி, இரண்டு பேர், அறை விலை, பதிவு இலக்கம் எல்லாவற்றையும் அதுவே வாசித்துக் காட்டியது. பதிவின்போது "இரவு ஒரு மணிக்குப் பிறகுதான் வருவோம்" என்று அவள் எழுதிவிட்ட குறிப்பும் அதற்குத் தெரிந்திருந்தது. அந்தக் குறிப்பைத்தான் அது கொளுக்கியாக்கியது: இவ்வளவு பிந்தி வருபவர்களுக்கு அறையைப் பிடித்து வைக்க அட்டையை உறுதிப்படுத்த வேண்டும், காசு எடுக்க மாட்டோம், இன்றிரவுக்குள் செய்யாவிட்டால் பதிவு தானாக ரத்தாகிவிடும். கடனட்டை இலக்கம், முடியும் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் மூன்றையும் அவள் சொல்லிவிட்டாள். போனுக்கு வரும் ஒருதடவை எண் ஒன்று காப்பாற்றியிருக்குமே என்று கேட்பீர்கள். எல்லா வெளிநாட்டுக் கடைகளும் அதைக் கேட்பதில்லை. காசு போனபிறகு வங்கிக்குச் சொல்லி அட்டையை நிறுத்தினாள். திருப்பி எடுக்கும் விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் முதலில் ஏமாந்தது அவள் இல்லை. அவளுக்கு முன்னால் எங்கோ ஒரு மேசையில் இருந்த யாரோ ஏமாந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குறிப்பு வெளியே போயிருப்பது கடினம். இது வெறும் ஊகம் இல்லை. 2018 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தில் இதே வேலை நடந்தது. கள்ளர் 40 ஹோட்டல்களின் ஊழியர்களுக்குப் போன் எடுத்து, கதைவாக்கில் புக்கிங்.காம் தளத்துக்குள் நுழையும் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டார்கள். 4109 விருந்தினரின் விபரங்கள் அவர்கள் கைக்குப் போயின. 283 பேரின் கடனட்டை விபரமும் போனது. அதில் 97 பேருக்குப் பின்பக்கத்து இலக்கமும் சேர்த்து. மிச்ச ஆட்கள் சிலரிடம் தளத்தின் ஆட்கள்போல நடித்து, மின்னஞ்சலிலும் போனிலும் அட்டை கேட்டார்கள். ஒரே பொய்க் குரல் முதலில் மேசைக்கும் பிறகு விருந்தாளிக்கும் போயிருக்கிறது.

இப்போது அந்த முதல் போன்கூடத் தேவையில்லை. 2024 டிசம்பரில் தொடங்கி நடந்ததாக மைக்ரோசொஃப்ட் எழுதிய ஒரு முறையில், தெற்காசிய ஹோட்டல்களுக்கும், "உங்களைப் பற்றி ஒரு விருந்தாளி முறைப்பாடு செய்திருக்கிறார்" என்பதுபோல மின்னஞ்சல் போனது. அதைத் திறந்தால், நீங்கள் மனிதர்தானா என்று சோதிப்பதாக ஒரு போலிப் பக்கம். Windows + R அழுத்து, பிறகு Ctrl + V, பிறகு Enter என்று அது படிப்படியாகச் சொல்லும். அதைச் செய்யும் ஊழியர் கடவுச்சொற்களைத் திருடும் நிரலைத் தன் கையாலேயே இயக்கிவிடுகிறார். அதன்பிறகு ஹோட்டலின் கணக்கு கள்ளனிடமும் திறந்திருக்கும். அந்தக் கணக்கிலிருந்தே அவன் விருந்தாளிக்குச் செய்தி அனுப்பலாம் என்பதால், "தளத்துக்குள்ளேதானே செய்தி வந்தது" என்ற ஆறுதலும் உதவாது. தொல்லை என்னவென்றால், சில நல்ல ஹோட்டல்களும் போனில் அட்டை கேட்பதுண்டு. ஆகவே கேட்ட கேள்வியை வைத்துக் கள்ளனைப் பிடிக்க முடியாது. வைத்துவிட்டு, அந்தச் செய்தியில் இல்லாத இலக்கம் ஒன்றைத் தேடி, நாமே ஹோட்டலுக்கு எடுத்துக் கேட்பதுதான் வழி.

இதை மருமகளிடம் சொன்னேன். "அவைக்கு என்ர எல்லா விபரமும் தெரிஞ்சிருந்தது மாமா. வேற ஆருக்குத் தெரியும்?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னை நீர்கொழும்பிலிருந்து செட்டிகுளத்துக்குக் கொண்டுபோனது. 2009இல் அவள் மெனிக் பாமில் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற சிறுபிள்ளை. பெயர், வயது, கடைசியாக இருந்த இடம், குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை பேர் இல்லை. எழுதியவர் போனால் இன்னொருவர் வந்து அதையே எழுதினார். ஊருக்குத் திரும்பியும் பதிவு, வீட்டுத்திட்டத்துக்குப் பதிவு, கிணற்றுக்குப் பதிவு. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பது அப்போது புத்தியான காரியமாக இருக்கவில்லை. கையில் நம் பெயர் உள்ள தாளை வைத்திருந்தவர் அதிகாரி, அவ்வளவுதான். இந்த மண்ணில் முழுப்பெயரைச் சரியாக வாசித்து ஒரு குரல் கூப்பிட்டால், நாற்பது வயதுக்காரரும் எழும்பி நின்று பதில் சொல்வார். சந்தையில் தீர்ப்புச் சொன்ன ஆட்கள் உட்பட.

என் பழைய நோவு உங்களுக்குத் தெரியும்: அடையாள அட்டைப் பிரதி. கச்சான் சுருளில் ஒரு மனிசியின் அட்டைப் பிரதி வந்த கதையை எழுதியபோது, மிகைப்படுத்துகிறேன் என்று இரண்டு வாசகர்கள் கோபித்தார்கள். தங்குமிடத்தில் பிரதி, சிம் வாங்கப் பிரதி, நுண்கடன்காரருக்கு இரண்டு பிரதி. வாங்கிய தாள் பிறகு எங்கே போகிறது என்று கேட்டால் நம்மைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். அங்கே ஒல்லாந்தில், மேற்சொன்ன அமீரகத்து விவகாரத்துக்காக புக்கிங்.காமுக்கு 4,75,000 யூரோ தண்டம் போட்டார்கள். திருட்டுப் போனதற்கில்லை. தெரிந்தபின் 72 மணித்தியாலத்துக்குள் சொல்லாமல் 22 நாள் பிந்திச் சொன்னதற்கு. நீர்கொழும்பு ஹோட்டலுக்கு மருமகள் எடுத்தபோது ரிசப்ஷன் பிள்ளை, "இந்தக் கிழமை இன்னும் சில பேரும் எடுத்தவை மிஸ்" என்றாளாம். அந்தச் சில பேரில் முதல் ஆள் எடுத்த அன்றே மிச்ச விருந்தாளிகளுக்கு ஒருவரிச் செய்தி அனுப்பியிருந்தால் இவளுடைய காசு இருந்திருக்கும். அனுப்ப வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. விபரம் வாங்குவது மட்டும்தான் மேசையின் வேலை.

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அக்கா. வியாழக்கிழமை ஒரு கந்தோரில் இருந்து அவளுக்குப் போன் வந்தது. பெயரைச் சரியாகச் சொல்லி, குடும்ப அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் கேட்டார்கள்.

"தம்பி, நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. நான் நாளைக்குக் கந்தோருக்கு வாறன், அங்க வைச்சுக் கேளுங்கோ."

"அம்மா, உங்கட பெயரே எங்களிட்ட இருக்குத்தானே!"

"என்ர பெயர் இல்லாத இடம் எது தம்பி?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் போனபோது, அழைத்தவர் உண்மையான உத்தியோகத்தர்தான் என்று தெரிந்தது. தன்னை நம்பவில்லை என்று அவருக்குக் கடும் கோபமாம். அக்காவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்கும் இல்லை.