'ஆவன செய்யுமாறு' எண்டு எழுதாதீங்கோ

சனசமூக நிலைய நிர்வாகத்துக்கு எங்கட ஆக்கள் எழுதுற கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். ஒரு பக்கம் முழுக்க முறைப்பாடு, கடைசியில் 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்'. அதை வாசிச்ச நிர்வாகம் 'பிறகு பாப்பம்' எண்டு சொல்லாமல் வேறென்ன செய்யும்? யார், எப்ப, எந்தக் காசில் எண்டு அதில் ஒன்றுமே இல்லையே.

பிரச்சினை, தீர்வு, சான்று, செயல் என்ற ஒழுங்கு இதற்குத்தான் உதவுகிறது. ஒரு உதாரணம் எடுப்பம். வாசிகசாலையை மாலை 6 மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். ரியூசன் முடிஞ்சு வாற உயர்தர மாணவர்களுக்கு இருந்து படிக்க இடமில்லை. பிரச்சினை இவ்வளவுதான், இரண்டு வரி போதும். 'இளைஞர் சமுதாயம் சீரழிகிறது' எண்டு தொடங்கினால் கூட்டம் போனைப் பற்றியும் போதைப்பொருளைப் பற்றியும் அரை மணித்தியாலம் கதைச்சுப்போட்டுக் கலைஞ்சிடும். அந்தச் சபையால் தீர்க்கக்கூடிய அளவுக்குப் பிரச்சினையைச் சுருக்க வேண்டும்.

தீர்வு: திங்கள் முதல் சனி வரை இரவு 8.30 மட்டும் திறந்திருக்கட்டும், முதலில் மூன்று மாதத்துக்கு.

சான்றில்தான் கனபேர் சறுக்குகிறார்கள். பிரச்சினை உண்மை எண்டு திரும்பவும் நிரூபிக்கிறார்கள். அதை அங்கே யாரும் மறுக்கவில்லையே! பொருளாளரின்ர சந்தேகம் தீர்வில், அதாவது கரண்ட் பில்லில். ஆகவே கணக்கைக் காட்டுங்கோ. 18 வாற்றில் நாலு லைற், 70 வாற்றில் இரண்டு ஃபான், மொத்தம் 212 வாற். இரண்டரை மணித்தியாலம், மாதம் 26 நாள் எண்டால் ஏறத்தாழ 14 யூனிற். போன மாத பில்லில் இருக்கிற விலையால் அவரே பெருக்கிப் பார்க்கட்டும்.

ஐம்பது கையெழுத்து வாங்கிறதை நான் பெரிதாக நம்புவதில்லை. கேட்டால் எல்லோரும் போடுவினம். வருவினமோ எண்டது வேறு கதை. இரண்டு கிழமை 6 மணிக்குப் போய், பூட்டும்போது எழும்பிப் போறவர்களை எண்ணுங்கோ. பரீட்சை நெருங்கின நேரத்தில் எண்ணினால் தொகை கூடத்தான் வரும், அதையும் குறிப்பிடுங்கோ. நீங்கள் சொல்லாவிட்டால் கூட்டத்தில் ஒருத்தர் சொல்லுவார், மிச்சக் கணக்கையும் பிறகு நம்பமாட்டினம்.

செயல் என்பது தீர்மானத்தையே எழுதிக் குடுக்கிறது. 'அடுத்த மாதம் முதலாம் திகதியில் இருந்து மூன்று மாதத்துக்கு வாசிகசாலையை இரவு 8.30 வரை திறப்பது. திறப்பு இன்ன இருவரின் பொறுப்பில் இருக்கும்.' அந்த இரண்டு பேரும் கூட்டத்துக்கு வரவேண்டும். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் எண்டு நிர்வாகத்தில் இரண்டு பேரோடு முதலே கதைச்சு வையுங்கோ. இது பின்கதவு வேலை எண்டு சில நண்பர்கள் சொல்லுவினம். எனக்கு அப்படிப் படவில்லை. முதல்தரம் கேள்விப்படுற விசயத்துக்கு அந்த இடத்திலேயே கையுயர்த்த யாருக்கும் தயக்கம் இருக்கும்.

தீர்மானத்தில் இன்னொரு வரியும் சேருங்கோ: இரண்டாம் மாத முடிவில் நாளாந்தம் ஐந்து பேர்கூட வராவிட்டால் திறப்பைத் திருப்பித் தருவோம்.