வீட்டு டியூஷனும் ஒரு ஃபீஸ் தாளும்

மாலை வேளையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளை உட்கார வைத்து டியூஷன் எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் தயங்குவது பாடத்துக்காக அல்ல, பணத்துக்காக. எவ்வளவு கேட்பது? எப்படிக் கேட்பது? கொடுக்காவிட்டால் என்ன செய்வது? இந்த மூன்றுக்கும் முதல் நாளே பதில் எழுதி வைத்துவிட்டால் பாதி மனக்கசப்பு வராது.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடம் முகத்துவாரக்குப்பம். ஆற்றிலும் கடலிலும் மீன், இறால் பிடித்துப் பிழைக்கிற குடும்பங்கள் உள்ள ஊர். அங்கே பி.காம். முடித்த ஒரு பெண் பன்னிரண்டு பிள்ளைகளோடு டியூஷன் தொடங்க நினைத்து, "அக்கா, ஃபீஸ் எவ்வளவு போடறதுன்னே தெரியல. அடுத்த தெருவுல வாங்கறதையே நானும் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். "அவங்க செலவு வேற, உன் செலவு வேறம்மா. பேப்பரும் பேனாவும் எடு" என்றேன். அன்று போட்ட கணக்கைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் கைச்செலவு. இரண்டு விளக்கு, இரண்டு மின்விசிறி தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் ஒன்பது யூனிட் வரும். அதற்கு 60 ரூபாய் ஒதுக்கினோம். ஒரு பிள்ளைக்கு மாதம் எட்டுப் பக்கம் ஜெராக்ஸ், பக்கம் 2 ரூபாய் என்றால் பன்னிரண்டு பேருக்கு 192. சாக்பீஸ், பென்சில், அட்டை எல்லாம் 98. ஆக 350 ரூபாய்.

அடுத்தது அவளுடைய உழைப்பு. இரண்டு மணி நேரம் வகுப்பு, அரை மணி நேரம் நோட்டு திருத்தல். மாதம் 24 நாள் என்றால் 60 மணி நேரம். மணிக்கு 50 ரூபாயாவது வேண்டும் என்றாள். அது 3000. எல்லாம் சேர்ந்து 3350.

இதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 280 ரூபாய்தான் வருகிறது. இங்கேதான் கவனம் வேண்டும். எந்த மாதத்திலும் பன்னிரண்டு பேரும் ஒழுங்காகக் கட்டுவதில்லை. இரண்டு பேர் கட்டமாட்டார்கள் என்று வைத்துப் பத்தால் வகுக்க வேண்டும். 335 ஆகிறது. சின்னப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார்கள், பெரியவர்கள் இரண்டு மணி நேரமும் இருப்பார்கள். அதற்கேற்பப் பிரித்தோம்:

1 முதல் 5 வகுப்பு வரை: மாதம் ரூ. 250, அல்லது வாரம் ரூ. 60
6 முதல் 8 வகுப்பு வரை: மாதம் ரூ. 350, அல்லது வாரம் ரூ. 85
9, 10 வகுப்புகள்: மாதம் ரூ. 450, அல்லது வாரம் ரூ. 110

அவளிடம் வரவிருந்தவர்கள் முறையே ஐந்து, நான்கு, மூன்று பேர். எல்லோரும் கட்டினால் 4000 ரூபாய். இரண்டு பேர் விட்டாலும் ஏறக்குறைய 3330 வந்துவிடும். கட்டாத பிள்ளையை முறைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இதுதான் இந்தக் கணக்கின் பயன்.

வாரக் கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். மாதச் சம்பளக்காரர் வீட்டில் ஒன்றாம் தேதி பணம் இருக்கும். வலை போடுகிற வீட்டில் மீன் விற்ற அன்றைக்குத்தான் பணம். அவர்களுக்கு 250-ஐ மொத்தமாக எடுத்து வைப்பது கஷ்டம், 60 சுலபம். சில மாதங்களில் ஐந்து வாரம் வருவதால் நமக்கும் நஷ்டமில்லை.

இன்னொன்று, காலண்டர். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. காசிமேட்டு விசைப்படகில் வேலைக்குப் போகிறவர் வீட்டில் அந்த நாட்களில் கை வறண்டிருக்கும். பள்ளி திறப்பதும் அதே ஜூனில்தான். நோட்டு, யூனிஃபாரம், பை என்று செலவு குவியும். பல இடங்களில் டியூஷனுக்கு 'சேர்க்கைக் கட்டணம்' கேட்பதும் இதே மாதத்தில்! அதனால் தாளில் இரண்டு வரி சேர்த்தோம்: 'சேர்க்கைக் கட்டணம் கிடையாது. ஜூன் ஃபீஸை ஜூலை 10-க்குள் தரலாம்.'

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து, தொழிலே நின்று போனதையும் பார்த்தோம். ஆகவே மூன்றாவது வரி: 'தொழில் இல்லாத வாரத்து ஃபீஸை அடுத்து வரும் வாரங்களில் பிரித்துத் தரலாம்.' இதை எழுதி வைப்பது முக்கியம். வாயால் சொன்னால் சலுகை, தாளில் இருந்தால் அது விதி. விதியைக் கேட்டுப் பெற யாருக்கும் கூச்சம் இராது.

இனி விசாரிக்க வருகிற தாய்மாரிடம் கொடுக்கும் சீட்டு. அரைப் பக்கம் போதும். பிள்ளையின் பெயர், வகுப்பு, தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா, எந்தப் பாடம் கஷ்டம், பள்ளி விட்டு எத்தனை மணிக்கு வீடு வரும், இருட்டின பிறகு யார் அழைத்துப் போவார்கள், இளைப்பு போன்ற உடல் தொந்தரவு உண்டா, ஃபீஸ் வாரமா மாதமா. ஃபோன் நம்பரோடு 'இந்த ஃபோன் எத்தனை மணிக்கு உங்கள் கையில் இருக்கும்?' என்றும் கேளுங்கள். ஃபோன் அப்பாவோடு கடலுக்குப் போயிருந்தால் நம்பர் இருந்து என்ன பயன்?

ஜாதி, வருமானம், ஆதார் எண் கேட்க வேண்டாம். பாடத்துக்கு அவை தேவையில்லை. மார்க்கும் கேட்க வேண்டாம். அதற்குப் பதில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, ஒரு கடன் வாங்கிக் கழித்தல் கணக்கும் போடச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை அதில் தடுமாறினால் ஏழாம் பாடத்தை ஆரம்பிக்காமல் அங்கிருந்தே தொடங்க வேண்டும். அதைத் தாயிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு சட்ட விஷயம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது. உங்கள் வீட்டில் ஆசிரியை இருந்தால் அவர் பெயரில் இதை நடத்தாதீர்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு கோளாறு வரலாம். நன்றாக வந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று வாரத்தின் முதல் நாள் மட்டும் வராது. 'வயித்து வலி' என்பார்கள். மறுவாரம் இரண்டு நாள் வராது. பிறகு நின்றே போகும். வாரத்தின் முதல் நாள்தானே ஃபீஸ் நாள்! பாக்கி இருப்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் வலி.

அதற்காக ஃபீஸ் அட்டையைத் தாய் கையில் கொடுத்துவிட வேண்டும். பணம் வாங்குவதும், குறிப்பதும், நினைவுபடுத்துவதும் தாயிடம் மட்டுமே, வகுப்பு முடிந்த பிறகு, மற்ற பிள்ளைகள் போன பின். பாக்கி விவரத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. வராத பிள்ளையின் வீட்டுக்குப் போனால், "ஏன் வரல?" என்று மட்டும் கேளுங்கள். பாக்கியைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தையும் வேண்டாம். "நாளைக்கு வகுத்தல் ஆரம்பிக்கிறேன், அனுப்பி வைங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அந்த இரண்டு பேருக்கு நாம்தான் முன்பே கணக்கில் இடம் விட்டிருக்கிறோமே!